அரபு மொழியில் 'இருக்கிறது' எங்கே? வினையில்லா வாக்கியமும் 'கான'வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபு. அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில், கடைசி உயிர்க்குறியையும் சேர்த்துத் தந்திருக்கிறேன். விஷயமே அந்தக் கடைசி ஒலிகளில்தான் இருக்கிறது. படிப்பதற்கு வசதியாகச் சொற்களைப் பிரித்து எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படிக்கும்போது 'கான அல்-பைத்து' என்பது 'கானல்-பைத்து' என்று ஒட்டிக்கொள்ளும்.

அரபில் 'இருக்கிறது' என்ற சொல்லே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

சொல் உண்டு. நிகழ்காலத்தில் ஒன்றை இன்னொன்றோடு இணைத்துச் சொல்ல மட்டும் அது தேவைப்படுவதில்லை. 'வீடு பெரியது' என்பதற்கு 'அல்-பைத்து கபீருன்'. முதல் சொல் 'வீடு', இரண்டாவது 'பெரியது', அவ்வளவுதான். வாக்கியம் முடிந்துவிட்டது.

தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. 'அவர் ஆசிரியர்', 'என் ஊர் நாகூர்' என்று நாமும் வினையில்லாமல்தான் சொல்கிறோம். ஆனால் ஓரிடத்தில் இரண்டு மொழிகளும் பிரிகின்றன. 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'தண்ணீர் சூடாக இருக்கிறது' என்று வரும்போது தமிழ் வினையைக் கேட்கும். அரபு அங்கும் கேட்காது. 'ஹுவ ஃபீ அல்-பைத்தி' (அவர் வீட்டில்), 'அல்-மாஉ ஹார்ருன்' (தண்ணீர் சூடு) என்று நிறுத்திவிடலாம். தமிழில் யோசித்துவிட்டு அரபில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் 'இருக்கிறது'க்கு ஒரு சொல்லைத் தேடி 'யகூனு' என்பதை நுழைத்துவிடுகிறார்கள். 'ஹுவ யகூனு ஃபீ அல்-பைத்தி' என்றால் 'அவர் வழக்கமாக வீட்டில் இருப்பார்' என்பதுபோல ஒலிக்கும். இப்போது இருக்கிறார் என்ற பொருள் போய்விடும்.

வினையே இல்லையென்றால் அது வாக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'பெரிய வீடு' என்று ஏன் படிக்கக் கூடாது?

மிக நல்ல கேள்வி. அரபு வாசிப்பில் பாதித் தடுமாற்றம் இதில்தான். தமிழில் சொல்லின் உருவமே காட்டிக்கொடுத்துவிடும்: 'பெரிய' என்றால் அடை, 'பெரியது' என்றால் பயனிலை. அரபில் இரண்டுக்கும் ஒரே 'கபீர்' தான். அதனால் அந்த வேலையை 'அல்' என்ற முன்னொட்டு எடுத்துக்கொள்கிறது. 'அல்' ஒரு பெயரைக் 'குறிப்பிட்ட, நமக்குத் தெரிந்த' ஒன்றாக ஆக்கும். அரபு இலக்கணத்தில் இப்படி அறியப்பட்டது மஃரிஃபா, அறியப்படாதது நகிரா.

அடைமொழி தன் பெயரை எல்லாவற்றிலும் பின்பற்றும். பெயருக்கு 'அல்' இருந்தால் அடைக்கும் 'அல்' வேண்டும். 'அல்-பைத்து அல்-கபீரு' என்றால் 'அந்தப் பெரிய வீடு'. 'பைத்துன் கபீருன்' என்றால் 'ஒரு பெரிய வீடு'. இரண்டிலும் வாக்கியம் இன்னும் முடியவில்லை. கேட்பவர் 'அதற்கென்ன?' என்று காத்திருப்பார்.

முதல் சொல்லில் 'அல்' இருந்து இரண்டாவதில் இல்லாமல் போனால், அந்த முறிவில்தான் வாக்கியம் பிறக்கிறது. 'அல்-பைத்து கபீருன்': அந்த வீடு பெரியது. இதையே நீட்டிப் பார்க்கலாம். 'அல்-பைத்து அல்-கபீரு ஜமீலுன்' என்பதில் முதல் இரண்டு சொல்லும் 'அல்' சேர்ந்து ஒரே கட்டாக நிற்கின்றன. மூன்றாவது 'அல்' இல்லாமல் வருகிறது. ஆகவே 'அந்தப் பெரிய வீடு அழகானது'. வாசிக்கும்போது 'அல்' எங்கே நின்றுபோகிறது என்று பாருங்கள். அங்கே 'ஆகும்' என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான எளிய வாக்கியங்கள் பிடிபட்டுவிடும்.

இந்த இரண்டு பகுதிகளுக்கும் பெயர் உண்டு. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது முப்ததா. அதைப் பற்றிச் சொல்லும் செய்தி கபர். மதரஸாவில் ஓதியவர்களுக்குப் பழகிய சொற்கள்தாம். இரண்டும் 'உ' அல்லது 'உன்' என்ற ஒலியில் முடியும். அந்த நிலை ரஃபு.

செய்தியிலும் 'அல்' வந்தால் என்ன செய்வது? 'இதுதான் அந்த வீடு' என்று எப்படிச் சொல்வது?

'ஹாதா பைத்துன்' என்றால் 'இது ஒரு வீடு', முழு வாக்கியம். 'ஹாதா அல்-பைத்து' என்றால் பொதுவாக 'இந்த வீடு', வெறும் தொடர். ஆக, 'இதுதான் அந்த வீடு' என்று சொல்ல நினைத்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு சுட்டுப்பெயரை நிறுத்துவார்கள்: 'ஹாதா ஹுவ அல்-பைத்து'. 'ஹுவ' என்றால் 'அவன், அது'. இங்கே அது தொடரைப் பிரித்து வாக்கியமாக்குகிறது. பெண்பாலுக்கு 'ஹிய'.

இந்த 'ஹுவ'வைப் பார்த்துவிட்டு, 'ஓ, இதுதான் ஆகும் என்ற வினை' என்று நினைத்துவிட வேண்டாம். அது காலம் காட்டாது. 'அல்-பைத்து ஹுவ கபீருன்' என்று எல்லா இடத்திலும் சேர்த்துக்கொண்டே போனால் எழுத்து தேவையில்லாமல் கனத்துவிடும்.

அப்படியானால் அந்த வாக்கியத்தில் ஒரு வினை மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா?

'அல்-பைத்து கபீருன்' போன்றவற்றில் வேண்டாம். பழைய அரபு இலக்கணவாதிகளும் அங்கே எந்த வினையும் விடுபட்டதாகச் சொல்லவில்லை. முப்ததாவுக்கு 'உ' எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றித்தான் அவர்கள் வாதாடினார்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்பதே அதற்கு ரஃபு தருகிறது என்றனர் பஸ்ராப் பள்ளியார். முப்ததாவும் கபரும் ஒன்றுக்கொன்று ரஃபு தருகின்றன என்றனர் கூஃபாப் பள்ளியார். இரண்டு தரப்பும் அந்த வாக்கியத்தைக் குறையில்லாத முழு வாக்கியமாகவே எடுத்துக்கொண்டன என்பதைக் கவனியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 'அர்-ரஜுலு ஃபீ அல்-பைத்தி' (அந்த மனிதர் வீட்டில்) என்பதில் 'ஃபீ அல்-பைத்தி' என்ற தொடர் மட்டும் தனியாக எதையும் பற்றிக்கொள்ள முடியாது என்று கருதி, அங்கே 'காஇனுன்' (இருப்பவர்) போன்ற ஒரு சொல் உள்ளுக்குள் இருப்பதாகப் பலர் விளக்கினார்கள். 'கான' பிறந்த அதே வேரில் பிறந்த சொல்தான் அது. ஆனால் அது விளக்கத்துக்காக வைத்த சொல். பேச்சிலும் எழுத்திலும் அதைச் சொல்வதில்லை.

சரி, நேற்றைய விஷயம் என்றால்?

இங்கேதான் 'கான' வருகிறது. 'கான' என்றால் 'இருந்தது, இருந்தான்'. அது முழு வாக்கியத்தின் முன்னால் வந்து நின்று, 'இது கடந்த காலம்' என்று அறிவிக்கிறது.

அல்-பைத்து கபீருன்: வீடு பெரியது.
கான அல்-பைத்து கபீரன்: வீடு பெரியதாக இருந்தது.

எது மாறியது என்று பாருங்கள். 'அல்-பைத்து' மாறவில்லை. 'கபீருன்' மட்டும் 'கபீரன்' ஆகிவிட்டது. கபர், ரஃபு நிலையிலிருந்து நஸ்பு நிலைக்குப் போய்விட்டது. 'கான' வந்தபின் முப்ததாவுக்கு 'கானவின் இஸ்மு' என்றும், கபருக்கு 'கானவின் கபர்' என்றும் பெயர்.

தமிழில் இதற்கு இணையாக ஒன்று நடக்கிறது. 'வீடு பெரியது' என்பதைக் கடந்த காலத்துக்குக் கொண்டுபோனால் 'வீடு பெரியது இருந்தது' என்று சொல்வதில்லை. 'பெரியதாக இருந்தது' என்கிறோம். 'அவர் ஆசிரியர்' என்பது 'அவர் ஆசிரியராக இருந்தார்' ஆகிறது. வினை வந்தவுடன் பயனிலைப் பெயர் 'ஆக' என்ற ஒட்டை வாங்கிக்கொள்கிறது. அரபில் அந்த இடத்தில் 'அன்' வருகிறது. 'கான' போடும்போதெல்லாம் தமிழில் 'ஆக' வருகிறதா என்று கேட்டுப் பார்த்தால், நஸ்பு எங்கே வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். 'வீட்டில் இருந்தார்' என்பதில் 'ஆக' இல்லை. அரபிலும் 'கான ஃபீ அல்-பைத்தி' என்பதில் எந்த ஒலியும் மாறுவதில்லை, 'பைத்தி' அப்படியே இருக்கிறது.

உயிர்க்குறி போடாத அச்சில் இந்த 'அன்' கண்ணுக்குத் தெரியுமா?

பல நேரம் தெரியும். ஆண்பால் ஒருமைப் பெயர் 'அல்' இல்லாமல் நஸ்பில் வந்தால் கடைசியில் ஓர் அலிஃப் சேர்த்து எழுதுவார்கள். அதனால் 'கபீருன்' என்பதற்கும் 'கபீரன்' என்பதற்கும் எழுத்திலேயே வேறுபாடு உண்டு. செய்தித்தாளில் உயிர்க்குறி இல்லாவிட்டாலும், 'கான'வுக்குப் பின் ஓர் அடையின் வாலில் அலிஃப் நின்றால் அதுவே கபர்.

'த்தா மர்பூதா' என்ற வட்டத் 'த்'தில் முடியும் பெண்பால் சொற்களில் அந்த அலிஃப் வராது. 'ஜமீலத்துன்', 'ஜமீலத்தன்' இரண்டும் ஒரே மாதிரி எழுதப்படும், வாயில் மட்டுமே வேறுபடும். 'ஊன' என்று முடியும் ஆண்பால் பன்மை 'ஈன' என்று மாறும். அது எழுத்தில் நன்றாகவே தெரியும். 'ஆத்' என்று முடியும் பெண்பால் பன்மைதான் பலரையும் ஏமாற்றுகிறது. அது நஸ்பில் 'ஆத்தன்' ஆகாது, 'ஆத்தின்' என்றே வரும். 'கானத் அல்-முஅல்லிமாத்து ஹாளிராத்தின்': ஆசிரியைகள் வந்திருந்தார்கள். இதில் 'இன்' என்ற ஒலியைக் கேட்டுவிட்டுத் தவறு என்று திருத்திவிட வேண்டாம்.

'கான' ஏன் சில இடங்களில் 'குன்து' ஆகிறது?

வேர் எழுத்துகள் காஃப், வாவ், நூன். நடுவில் உள்ள வாவ் வலுவில்லாத எழுத்து. பின்னால் உயிர் வரும்போது அது நீண்ட ஆ-வாக நிற்கும்: கான (அவன் இருந்தான்), கானத் (அவள் இருந்தாள்), கானூ (அவர்கள் இருந்தார்கள்). பின்னால் மெய்யில் தொடங்கும் விகுதி ஒட்டினால், நூன் உயிரிழந்து அசை மூடிக்கொள்ளும். மூடிய அசையில் நெடில் தங்காமல் குறுகிவிடும். அப்போது வாவின் நினைவாக 'உ' வருகிறது: குன்து (நான் இருந்தேன்), குன்த (நீ, ஆண்), குன்தி (நீ, பெண்), குன்னா (நாங்கள்), குன்தும் (நீங்கள்).

இந்த ஒரு காரணத்தை நினைவில் வைத்திருந்தால் பின்னால் 'லம் யகுன்' வரும்போதும் குழப்பமிருக்காது. அங்கேயும் அசை மூடுகிறது, நெடில் குறுகுகிறது.

ஆள் யாரென்று வினையே சொல்லிவிடுவதால் 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'அன மரீளுன்' (எனக்கு உடம்பு சரியில்லை) என்பது 'குன்து மரீளன்' ஆகிவிடும். நோயாளி பெண் என்றால் 'குன்து மரீளத்தன்'.

ஆசிரியர்கள் பலர் இருந்தாலும் 'கான' என்று ஒருமையிலேயே வருகிறதே?

வினை முன்னால், எழுவாய் பின்னால் என்றால் அரபில் வினை ஒருமையிலேயே நிற்கும். இந்த விதி எல்லா வினைக்கும் பொது, 'கான'வும் அப்படியே. 'கான அல்-முஅல்லிமூன ஹாளிரீன': ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். ஆண்பாலா பெண்பாலா என்பதை மட்டும் வினை காட்டும். எழுவாயை முன்னால் கொண்டுவந்தால் வினையும் பன்மையாகும்: 'அல்-முஅல்லிமூன கானூ ஹாளிரீன'. எப்படிச் சொன்னாலும் கபர் பன்மையிலும் நஸ்பிலும்தான் இருக்கும்.

'என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது' என்று எழுதியபோது 'கிதாபன்' என்று போட்டேன், தவறு என்று திருத்தினார்கள். ஏன்?

அரபில் 'வைத்திருக்கிறேன்' என்பதற்குத் தனி வினை தேவைப்படுவதில்லை. நம்மைப் போலவே 'என்னிடம்' என்று சொல்வார்கள்: 'இந்தீ கிதாபுன்', என்னிடம் ஒரு புத்தகம். இந்த வாக்கியத்தில் எதைப் பற்றிப் பேசுகிறோம்? புத்தகத்தைப் பற்றி. 'என்னிடம்' என்பதுதான் செய்தி. ஆக 'கிதாபுன்' முப்ததா, 'இந்தீ' கபர். 'அல்' இல்லாத பெயர் சாதாரணமாக வாக்கியத்தைத் தொடங்க முடியாது என்பதால், கபர் முன்னால் வந்து முப்ததா பின்னுக்குப் போயிருக்கிறது.

'கான' சேர்த்தால் வரிசை மாறாது: 'கான இந்தீ கிதாபுன்'. கடைசியில் நிற்கிறது என்பதற்காகப் புத்தகம் கபர் ஆகிவிடாது. அது இன்னும் கானவின் இஸ்முதான், ரஃபுவில்தான் இருக்கும். நஸ்பு 'இந்தீ'க்கு உரியது, ஆனால் அந்தத் தொடரில் அது வெளியே தெரியாது. 'ஃபீ அல்-குர்ஃபத்தி ரஜுலுன்' (அறையில் ஒருவர்) என்பதும் இப்படித்தான்: 'கான ஃபீ அல்-குர்ஃபத்தி ரஜுலுன்'. கானவுக்குப் பின் தூரத்தில் ஒரு பெயரைக் கண்டவுடன் 'அன்' போடும் பழக்கம், இந்த இரண்டு அமைப்பிலும் தவறாமல் சறுக்கவைக்கும். எழுதியபின் 'எது இருந்தது?' என்று கேளுங்கள். அதற்குப் பதிலாக வரும் சொல்லுக்கு ரஃபு.

எதிர்காலம்?

'கான'வின் நிகழ்கால-எதிர்கால வடிவம் 'யகூனு'. அதன் முன் 'ஸ' என்ற ஒட்டு, அல்லது 'ஸவ்ஃப' என்ற தனிச்சொல் சேரும். 'ஸயகூனு அல்-பைத்து கபீரன்': வீடு பெரியதாக இருக்கும். கபர் இங்கும் நஸ்புதான், ஏனென்றால் வினை அதே 'கான'தான், உருவம் மட்டும் வேறு. 'நான் இருப்பேன்' என்பது 'ஸஅகூனு', 'அவள் இருப்பாள்' என்பது 'ஸதகூனு', 'நாங்கள் இருப்போம்' என்பது 'ஸநகூனு'. 'ஸவ்ஃப' சற்றுத் தொலைவான எதிர்காலத்துக்கு என்று பழைய இலக்கணவாதிகள் சிலர் பிரித்தார்கள். இன்றைய எழுத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே புழங்குகின்றன.

காலத்தை வேறொரு சொல்லே சொல்லிவிட்டால் இந்த வினையும் வேண்டியதில்லை. 'அல்-இஜ்திமாஉ கதன்' என்றால் 'கூட்டம் நாளை'. இது பிழையில்லாத முழு வாக்கியம். நாமும் 'கூட்டம் நாளைக்கு' என்றுதான் சொல்கிறோம்.

'இல்லை', 'இருக்கவில்லை', 'இருக்காது' மூன்றும் எப்படி?

மூன்று காலத்துக்கும் மூன்று வழி.

நிகழ்காலத்துக்கு 'லைஸ'. 'லைஸ அல்-பைத்து கபீரன்': வீடு பெரியதல்ல. நிகழ்காலத்தில் 'ஆகும்' என்பதற்குச் சொல் இல்லாதபோதும் 'அல்ல' என்பதற்கு ஒரு வினை இருக்கிறது. அதற்கு இறந்தகால உருவம்தான் உண்டு, பொருளோ நிகழ்காலம். ஆளுக்கேற்ப அது மாறும்: லஸ்து (நான் அல்ல), லைஸத் (அவள் அல்ல). இது கானவின் 'சகோதரிகளில்' ஒன்று, அதனால் கபரை நஸ்பு செய்கிறது. கபருக்கு முன் 'பி' சேர்த்து 'லைஸ அல்-பைத்து பிகபீரின்' என்றும் அழுத்திச் சொல்லலாம்.

கடந்த காலத்துக்கு 'லம் யகுன்'. 'லம்' வந்தால் நிகழ்கால உருவமே இறந்தகால மறுப்பாகிவிடும். 'லம் யகுன் அல்-பைத்து கபீரன்': வீடு பெரியதாக இருக்கவில்லை. ஒட்டிப் படிக்கும்போது 'லம் யகுனில்-பைத்து' என்று நடுவில் ஓர் 'இ' வரும். 'மா கான' என்றும் சொல்லலாம்.

எதிர்காலத்துக்கு 'லன் யகூன'. 'லன்' தானே எதிர்காலத்தைக் காட்டிவிடுவதால் 'ஸ' சேராது. 'லன் ஸயகூன' என்று எழுதினால் அது பிழை.

ஒரே பத்தியை மூன்று காலத்திலும் காட்ட முடியுமா?

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்.

குர்ஃபத்தீ ஸகீரத்துன், வலாகின்னஹா நளீஃபத்துன். ஃபீஹா நாஃபிதத்துன்.
(என் அறை சிறியது, ஆனால் சுத்தமானது. அதில் ஒரு ஜன்னல் உண்டு.)

மூன்று செய்திகள், ஒரு வினைகூட இல்லை. இனிக் கடந்த காலம்:

கானத் குர்ஃபத்தீ ஸகீரத்தன், வலாகின்னஹா கானத் நளீஃபத்தன். கானத் ஃபீஹா நாஃபிதத்துன்.

அறையும் ஜன்னலும் பெண்பால், அதனால் 'கானத்'. முதல் இரண்டு கபரும் 'அன்' ஆகிவிட்டன. மூன்றாவதில் ஜன்னல் 'நாஃபிதத்துன்' என்று 'உன்'னிலேயே நிற்கிறது, அதுதான் இஸ்மு. 'குர்ஃபத்தீ' என்பதில் எந்த நிலையும் தெரியாது, 'என்' என்ற ஈற்று 'ஈ' அதை விழுங்கிவிட்டது. இனி எதிர்காலம்:

ஸதகூனு குர்ஃபத்தீ ஸகீரத்தன், வலாகின்னஹா ஸதகூனு நளீஃபத்தன். ஸதகூனு ஃபீஹா நாஃபிதத்துன்.

மறுத்துச் சொல்வதானால் முதல் வாக்கியம் வரிசையாக 'லைஸத் குர்ஃபத்தீ ஸகீரத்தன்', 'லம் தகுன் குர்ஃபத்தீ ஸகீரத்தன்', 'லன் தகூன குர்ஃபத்தீ ஸகீரத்தன்' என்று வரும். நான்கு சொல் பயிற்சிக்கு இந்தப் பத்தியே போதும். அறைக்குப் பதில் ஆண்பாலான 'பைத்' போட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு 'கானத்'தும் 'கான' ஆக வேண்டும், 'ஸகீரத்தன்' 'ஸகீரன்' ஆக வேண்டும், ஆனால் ஜன்னல் மாறக் கூடாது.

ஏற்கெனவே வினை உள்ள வாக்கியத்திலும் 'கான' வருகிறதே, அது எதற்கு?

அங்கே அது காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. 'யக்துபு' என்றால் எழுதுகிறான். 'கான யக்துபு' என்றால் எழுதிக்கொண்டிருந்தான், அல்லது எழுதுவது வழக்கமாக இருந்தது. இரண்டில் எது என்பதைச் சூழல்தான் சொல்லும். 'கான கத் கதப' என்றால் எழுதியிருந்தான். 'ஸயகூனு கத் கதப' என்றால் எழுதியிருப்பான், அதாவது அந்த நேரத்துக்குள் எழுதி முடித்திருப்பான்.

இதில் இரண்டு வினையும் ஆளுக்கேற்ப மாறும். 'குன்து அக்துபு': எழுதிக்கொண்டிருந்தேன். எழுவாய் நடுவில் வந்தால் மேலே சொன்ன விதி இரண்டையும் பிரித்துக் காட்டும்: 'கான அல்-அவ்லாது யல்அபூன', பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எழுவாய்க்கு முன்னால் நிற்கும் 'கான' ஒருமை, பின்னால் நிற்கும் 'யல்அபூன' பன்மை.

'போனேன்' என்று சொல்ல 'குன்து தஹப்து' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இறந்தகாலம் என்றாலே 'கான' வேண்டும் என்ற எண்ணத்தில் வருவது அது. 'தஹப்து' என்பதிலேயே இறந்தகாலம் இருக்கிறது, அதுவே போதும். 'போயிருந்தேன்' என்று சொல்ல விரும்பினால்தான் 'குன்து கத் தஹப்து'.

குர்ஆனில் 'வகான அல்லாஹு கஃபூரன் ரஹீமன்' என்று வருகிறதே. இறைவன் 'இருந்தான்' என்றா பொருள்?

இல்லை. உதாரணமாக 4:96-இல் வரும் இந்தச் சொற்களைத் தமிழில் நிகழ்காலமாகவே பெயர்ப்பார்கள், அதற்குக் காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'கான' ஒரு நிலை கடந்த காலத்தில் இருந்தது என்று சொல்கிறது. அது முடிந்துவிட்டது என்று சொல்வதில்லை. 'வீடு பெரியதாக இருந்தது' என்று கேட்டு 'இப்போது இல்லை போல' என்று நாம் ஊகிப்பது சூழலை வைத்துத்தான். இறைவனின் பண்பு தொடக்கமோ முடிவோ இல்லாதது என்பதால் இங்கே அந்த ஊகத்துக்கு இடமில்லை. என்றும் அப்படியே இருக்கிறான் என்பதே பொருள் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். ஒரே 'கான'வுக்கு இரண்டு கபர் வரலாம், இரண்டும் நஸ்பாகும் என்பதற்கும் இது நல்ல சான்று.

கபரே இல்லாமல் 'கான' நிற்குமா?

நிற்கும். அப்போது அதன் பொருள் 'உண்டாயிற்று, ஏற்பட்டது'. அதை 'முழுமையான கான' (தாம்மா) என்பார்கள். 'குன் ஃபயகூன்' (ஆகு, உடனே அது ஆகிவிடும்) என்பது எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. 2:280-இல் 'வஇன் கான தூ உஸ்ரத்தின்' என்று வருகிறது: கடன்பட்டவர் ஒருவர் நெருக்கடியில் இருப்பாரானால். 'தூ' என்பது ரஃபு வடிவம். அது கபராக இருந்திருந்தால் 'தா' என்று வந்திருக்க வேண்டும். அந்த ஓர் உயிரொலியை வைத்தே இது எந்தக் 'கான' என்று கண்டுகொள்கிறார்கள்.

வளைகுடாவில் யாரும் 'உன்', 'அன்' போட்டுப் பேசுவதில்லையே?

பேசுவதில்லை. பேச்சு அரபில் இந்தக் கடைசி ஒலிகள் உதிர்ந்துவிட்டன, அதனால் கபர் மாறுவதே காதில் விழாது. ஆனால் எலும்புக்கூடு அதேதான். 'இன்த வேன்?' (நீ எங்கே?) என்பதில் வினை இல்லை, 'வேன் கின்த்?' (எங்கே இருந்தாய்?) என்பதில் 'கான' வந்துவிட்டது. எதிர்காலத்துக்கு 'ஸ' கிடையாது. எகிப்தில் 'ஹ', சிரியா, லெபனான் பக்கம் 'ரஹ்', வளைகுடாவில் 'ப்' என்று ஊருக்கு ஊர் ஒட்டு மாறும். 'லைஸ'வுக்குப் பதில் எகிப்தில் 'மிஷ்', வளைகுடாவில் 'மூ'.

அங்கே வேலைசெய்த எல்லாருக்கும் தெரிந்த 'மாஃபி'யும் இதில் சேரும். 'ஃபீ' என்றால் 'உண்டு', 'மா ஃபீ' என்றால் 'இல்லை'. 'ஃபீ மாய்' (தண்ணீர் உண்டு) என்பதைக் கடந்த காலமாக்க 'கான் ஃபீ மாய்' என்றும், 'இருக்கவில்லை' என்பதற்கு 'மா கான் ஃபீ மாய்' என்றும் சொல்வார்கள்.